அசையாத கால் வலிக்கிறது, அசையும் கால் வலிக்கவில்லை

முதுகின் இடப்பக்கத்தில் ஒரு கத்திக்குத்து. வெளியிலிருந்து பார்த்தால் காயம் சின்னதுதான். நாலைந்து தையலில் மூடிவிடலாம். ஆனால் படுத்திருப்பவரால் இடது காலைத் தூக்க முடியவில்லை. வலது கால் நன்றாக அசைகிறது. இடது காலுக்குப் போகும் நரம்பெல்லாம் அறுந்துவிட்டது போலும் என்று எண்ணி அந்தக் காலில் ஊசி முனையை வைத்தால், "வலிக்குது டாக்டர்" என்று முகம் சுளிக்கிறார். அதே ஊசியை வலது காலில் வைத்தால், ஏதோ படுகிறது என்கிறார், குத்துவது தெரியவில்லை. ஐஸ் கட்டியை வைத்தாலும் குளிரவில்லை.

அசையாத காலில் வலி தெரிகிறது. அசையும் காலில் தெரியவில்லை. ஒரே ஒரு கத்திக்குத்து இப்படி இரண்டு கால்களுக்கும் இரண்டு விதமான தண்டனையை எப்படிக் கொடுத்தது?

இந்தப் புதிருக்கு ஒரு பெயர் உண்டு: பிரவுன்-சேக்கார் நோய்க்குறித் தொகுப்பு. 1817-இல் மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயி நகரில் பிறந்து, பாரிஸில் மருத்துவம் படித்த சார்லஸ் எட்வார்ட் பிரவுன்-சேக்கார், விலங்குகளின் தண்டுவடத்தில் ஒரு பக்கப் பாதியை மட்டும் வெட்டி, எந்தப் பக்கம் எது போகிறது என்று பார்த்தார். 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட முடிவுகளும், பிற்பாடு அவர் திரட்டிய மனித நோயாளிகளின் விவரங்களும் இதே விசித்திரத்தைக் காட்டின. இன்று மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் தண்டுவடப் பாதைகள் பற்றிய வகுப்பில் அவர் பெயரைக் கேட்காமல் தப்ப முடியாது.

ஆனால் வகுப்பைக் கேட்ட மாணவர்களில் பலரால், அன்று மாலை இந்தக் கத்திக்குத்துக் கதையைச் சொல்லி "எந்தப் பக்கம் எது போகும்?" என்று கேட்டால் பதில் சொல்ல முடிவதில்லை. குறிப்பேட்டில் ஆறேழு பக்கம் எழுதியிருப்பார்கள். எழுதியதெல்லாம் சரியாகவும் இருக்கும். குறை வேறெங்கோ இருக்கிறது.

நெடுக்கே ஓடும் பாடம், குறுக்கே விழும் வெட்டு

தண்டுவடம் சுண்டுவிரல் பருமன் உள்ள நரம்புக் கற்றை. பெரியவர்களுக்குச் சுமார் 45 சென்டிமீட்டர் நீளம். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்பி உடலுக்குப் போகின்றன. அதற்குள் தகவல்கள் தனித்தனிப் பாதைகளில் செல்கின்றன. சில மேலே ஏறி மூளைக்குச் செய்தி சொல்கின்றன. சில மூளையிலிருந்து இறங்கி ஆணை கொண்டுவருகின்றன.

பேராசிரியர் பாடம் நடத்தும்போது ஒவ்வொரு பாதையையும் ஒரு பயணமாகச் சொல்வார். எங்கே புறப்படுகிறது, முதல் நரம்பணு எங்கே இருக்கிறது, இரண்டாவது எங்கே கைமாற்றிக்கொள்கிறது, எந்த வழியே ஏறுகிறது, எங்கே முடிகிறது. ஒரு பாதை முடிந்ததும் அடுத்தது. பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரையும்போது அப்படித்தான் சொல்லவும் முடியும். ஒரு ரயில் தடத்தைப் பற்றிச் சொல்பவர் புறப்படும் ஊரிலிருந்து தொடங்கி, சேரும் ஊர் வரை போகத்தான் வேண்டும்.

கத்தி அப்படி வருவதில்லை. அது எல்லாத் தடங்களையும் ஒரே இடத்தில் குறுக்கே வெட்டுகிறது. கட்டி, ரத்தக்குழாய் அடைப்பு, விபத்தில் நொறுங்கிய எலும்பு எல்லாமே அப்படித்தான். பாடம் நெடுக்கே ஓடுகிறது. நோய் குறுக்கே விழுகிறது. நெடுக்கில் எழுதிய ஆறு பக்கக் குறிப்பை வைத்துக்கொண்டு குறுக்கில் வரும் கேள்விக்கு விடை தேடும்போதுதான் மாணவர் திணறுகிறார்.

அட்டவணை உதவுவது இந்த இடத்தில்தான். பாதைகள் ஒவ்வொன்றும் ஒரு வரிசை. இடமிருந்து வலமாகப் படித்தால் ஒரு பாதையின் கதை கிடைக்கும். மேலிருந்து கீழாகப் படித்தால் ஒரே வெட்டில் எல்லாப் பாதைகளுக்கும் என்ன நேர்ந்தது என்பது கிடைக்கும். அதற்கு எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் சூட்சுமம்.

மூன்று பாதைகள் போதும்

வகுப்பில் பத்துக்கும் மேற்பட்ட பாதைகளின் பெயர்கள் வந்துபோகும். முதல் அட்டவணைக்கு அவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. நோயாளியின் படுக்கை அருகே நின்று, ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்க முடிகிற பாதைகள் இந்த மூன்றுதான்.

முதலாவது, அசைவுக்கான ஆணையைக் கொண்டுவரும் கார்ட்டிகோஸ்பைனல் பாதை. காலைத் தூக்கச் சொல்லி, கையால் எதிர்த்து அழுத்தினால் அதன் நிலை தெரிந்துவிடும். இரண்டாவது, தண்டுவடத்தின் பின்புறத்தில் ஏறும் பின்தூண் பாதை. அதிர்வையும், கைகால் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வையும் அது சுமக்கிறது. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி, கணுக்கால் எலும்பில் வைத்து அதைச் சோதிக்கிறார்கள். கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலை மேலோ கீழோ நகர்த்தி "எந்தப் பக்கம் போகுது?" என்றும் கேட்பார்கள். மூன்றாவது, வலியையும் சூடு குளிரையும் சுமக்கும் ஸ்பைனோதலாமிக் பாதை. அதற்கு ஒரு ஊசி போதும்.

இந்தப் பெயர்களிலேயே ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. ஸ்பைனோதலாமிக் என்றால் தண்டுவடத்திலிருந்து மூளையின் தலாமஸுக்குப் போவது. கார்ட்டிகோஸ்பைனல் என்றால் மூளையின் மேற்பரப்பான கார்ட்டெக்ஸிலிருந்து தண்டுவடத்துக்கு வருவது. தொடக்கமும் முடிவும் திசையும் பெயரிலேயே இருப்பதால், அவற்றுக்கென்று தனிப் பத்திகள் போட வேண்டியதில்லை. குறிப்பேட்டில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் விஷயம் இது ஒன்றினாலேயே குறைந்துவிடும்.

எஞ்சுவது ஒரே ஒரு கேள்வி. பாதை எந்த இடத்தில் பக்கம் மாறுகிறது? மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை ஆள்கிறது. வலப்பாதி இடப்பக்கத்தை ஆள்கிறது. ஆகவே இந்த மூன்று பாதைகளுமே வழியில் எங்கோ நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில் தாண்டியிருந்தால் கத்திக்குத்துக் கதையில் புதிரே இருந்திருக்காது.

அசைவுப் பாதை மூளையிலிருந்து இறங்கி, முகுளத்தின் அடிப்பகுதியில், அதாவது மூளையும் தண்டுவடமும் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, பக்கம் மாறுகிறது. அதன் இழைகளில் 85 முதல் 90 சதவீதம் வரை அங்கே மறுபக்கம் போய்விடுகின்றன. இத்தாலியரான மிஸ்டிகெல்லி 1709-இலும், பிரெஞ்சுக்காரரான புர்ஃபூர் டு பெட்டி 1710-இலும் இந்தப் பின்னலைக் கண்ணால் பார்த்து விவரித்தார்கள்.

பின்தூண் பாதையின் கதை வேறு. கால் கட்டைவிரலின் அதிர்வை உணரும் நரம்பணு, தன் நீண்ட இழையைத் தண்டுவடத்துக்குள் அனுப்புகிறது. அந்த இழை எங்கும் கைமாற்றாமல், நுழைந்த பக்கத்திலேயே முகுளம் வரை ஏறுகிறது. கால்விரலிலிருந்து பிடரி வரை ஒரே செல். உயரமானவர்களுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளம். முகுளத்தில் அடுத்த நரம்பணு செய்தியை வாங்கிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டுகிறது.

வலிப் பாதை காத்திருப்பதில்லை. வலியைக் கொண்டுவரும் இழை தண்டுவடத்தில் நுழைந்ததும், ஒன்றிரண்டு துண்டம் ஏறுவதற்குள் அடுத்த நரம்பணுவிடம் செய்தியைக் கொடுத்துவிடுகிறது. அந்த நரம்பணுவின் இழை அங்கேயே தண்டுவடத்தின் நடுக்குழலுக்கு முன்புறமாகக் குறுக்கே கடந்து, மறுபக்கம் போய்த்தான் மேலே ஏறத் தொடங்குகிறது.

முதல் அட்டவணை ஏன் பொய் சொல்கிறது

இதை வைத்து மாணவர்கள் முதலில் போடும் அட்டவணையில் பெரும்பாலும் மூன்று பத்திகள் இருக்கும்: பாதை, பக்கம் மாறும் இடம், சேதத்தின் விளைவு. கார்ட்டிகோஸ்பைனலுக்கு நேராக "முகுளம்" என்றும், அதற்கு நேராக "எதிர்ப்பக்கம் செயலிழப்பு" என்றும் எழுதுவார்கள். பக்கவாதத்தில் அப்படித்தான் நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் கத்திக்குத்து நோயாளிக்கு இடப்பக்கக் காயத்தால் இடது கால்தான் போயிருக்கிறது. அட்டவணை சொல்வதும் படுக்கையில் தெரிவதும் ஒத்துப்போகவில்லை.

"சேதத்தின் விளைவு" என்ற ஒற்றைப் பத்திதான் இங்கே பிழை. சேதம் எங்கே என்று சொல்லாமல் விளைவைச் சொல்ல முடியாது. பாதை பக்கம் மாறுவதற்கு முன்னா, பின்னா என்பதைப் பொறுத்து அதே பாதையின் அறுப்பு வலப்பக்கத்தையும் தாக்கலாம், இடப்பக்கத்தையும் தாக்கலாம். எனவே அந்தப் பத்தியை இரண்டாகப் பிளந்தாக வேண்டும்: தண்டுவடத்தில் வெட்டினால் என்ன, மூளையில் வெட்டினால் என்ன.

இரண்டாவது பிழை "எதிர்ப்பக்கம்" என்ற சொல்லில் இருக்கிறது. எதற்கு எதிர்? பேராசிரியர் ஒரு வாக்கியத்தில் மூளையின் பாதிக்கு எதிர் என்ற பொருளில் சொல்லியிருப்பார். அடுத்த வாக்கியத்தில் காயத்துக்கு எதிர் என்ற பொருளில் சொல்லியிருப்பார். குறிப்பேட்டில் இரண்டும் ஒரே சொல்லாகப் பதிவாகியிருக்கும். அட்டவணையின் எல்லாக் கட்டங்களிலும் பக்கத்தைக் காயத்தை வைத்தே எழுதுவது என்று முடிவுசெய்துகொண்டால் இந்தக் குழப்பம் தீரும்.

திருத்திய அட்டவணை இப்படி இருக்கும்:

| பாதை | சுமப்பது | பக்கம் மாறும் இடம் | தண்டுவடத்தின் ஒரு பாதியில் வெட்டினால் | மூளையின் ஒரு பாதியில் சேதமானால் |
|---|---|---|---|---|
| கார்ட்டிகோஸ்பைனல் | அசைவுக்கான ஆணை | முகுளத்தின் அடிப்பகுதி | காயத்தின் அதே பக்கம், காயத்துக்குக் கீழே | காயத்துக்கு எதிர்ப்பக்கம் |
| பின்தூண் | அதிர்வு, மூட்டு நிலை, நுண்ணிய தொடுவுணர்வு | முகுளம் | காயத்தின் அதே பக்கம், காயத்துக்குக் கீழே | காயத்துக்கு எதிர்ப்பக்கம் |
| ஸ்பைனோதலாமிக் | வலி, சூடு, குளிர் | தண்டுவடத்துக்குள், நுழைந்த இடத்திலிருந்து 1–2 துண்டத்துக்குள் | காயத்துக்கு எதிர்ப்பக்கம், 1–2 துண்டம் கீழேயிருந்து | காயத்துக்கு எதிர்ப்பக்கம் |

இதில் மனப்பாடம் செய்ய வேண்டியது நடுப்பத்தி மட்டும்தான். கடைசி இரண்டு பத்திகளும் அதிலிருந்து தாமாகவே வருகின்றன. பக்கம் மாறும் இடத்துக்கு உடல் பக்கமாக வெட்டினால் அதே பக்கம் பாதிக்கும்; மூளை பக்கமாக வெட்டினால் எதிர்ப்பக்கம் பாதிக்கும். செய்தி மேலே ஏறுகிறதா, ஆணை கீழே இறங்குகிறதா என்பதற்கும் இந்த விதிக்கும் தொடர்பில்லை. வலிப் பாதை உள்ளே வந்த கையோடு பக்கம் மாறிவிடுவதால், தண்டுவடத்தில் ஏறும் அதன் நீளம் முழுவதும் ஏற்கெனவே மூளை பக்கத்தைச் சேர்ந்ததாகிவிடுகிறது. அதனால்தான் தண்டுவட வெட்டில் அது மட்டும் தனித்துப் போகிறது.

இந்த விதியின் ஒரு பாதியைச் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே கப்படோசியாவைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் அரிடேயஸ் கண்டிருந்தார். தலையில் அடிபட்டால் எதிர்ப்பக்கமும், தலைக்குக் கீழே அடிபட்டால் அதே பக்கமும் செயலிழப்பதைக் கவனித்து, நரம்புகள் பெருக்கல் குறி போலக் குறுக்கே கடக்க வேண்டும் என்று அவர் எழுதினார். அசைவுப் பாதைக்கு அது அப்படியே பொருந்துகிறது. வலிப் பாதையின் தனிப்போக்கு தெளிவாக, பிரவுன்-சேக்காரின் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அட்டவணை சரியா என்று பார்க்கவும் ஒரு வழி அதற்குள்ளேயே இருக்கிறது. முதல் இரண்டு பாதைகளும் முகுளத்தில்தான் பக்கம் மாறுகின்றன. ஆகவே அந்த இரண்டு வரிசைகளிலும் பக்கம் பற்றிய கட்டங்கள் ஒன்றுபோல இருந்தே தீர வேண்டும். ஒன்றில் "அதே" என்றும் மற்றதில் "எதிர்" என்றும் இருந்தால், எங்கோ தவறு நேர்ந்துவிட்டது.

கத்திக்குத்தை மறுபடி படிப்போம்

இப்போது நோயாளியிடம் திரும்பலாம். இடது கால் அசையவில்லை. அசைவுப் பாதை தண்டுவடத்தில் அறுந்தால் அதே பக்கம்தான் போகும். ஆகவே அறுப்பு இடப்பக்கம். இசைக்கவையை இடது கணுக்காலில் வைத்தால் அதிர்வு தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டால் இடது கட்டைவிரல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்ல முடியவில்லை. பின்தூணும் அதே பக்கம். இரண்டும் ஒத்துப்போகின்றன.

வலது காலில் ஊசி வலிக்கவில்லை. வலது காலின் வலிச் செய்தி தண்டுவடத்தில் நுழைந்ததுமே இடப்பாதிக்கு வந்துவிட்டது. அங்கே ஏறிக்கொண்டிருந்தபோது கத்தி அதை வெட்டிவிட்டது. இடது காலின் வலிச் செய்தியோ வலப்பாதிக்குப் போய், காயம் படாத பக்கத்தில் பத்திரமாக ஏறிப் போகிறது. அதனால்தான் அசையாத இடது காலில் ஊசி வைத்தபோது அவர் முகம் சுளித்தார்.

அடுத்த கேள்வி, எந்த உயரத்தில் வெட்டு? ஊசியால் வலது காலிலிருந்து மெல்ல மேலே தொட்டுக்கொண்டே போனால், தொப்புள் மட்டத்துக்கு மேலே வந்ததும் வலி தெரியத் தொடங்குகிறது. தொப்புளைச் சுற்றிய தோல் மார்புப் பகுதியின் பத்தாவது நரம்புக்கு உரியது. மருத்துவர்கள் டி-10 என்பார்கள். "அப்படியானால் வெட்டு டி-10-இல்" என்று சொல்லிவிடத் தோன்றும். அது பொதுவாக நேரும் பிழை. டி-10-இல் நுழைந்த வலி இழை, பக்கம் மாறி முடிப்பதற்குள் ஒன்றிரண்டு துண்டம் ஏறிவிடுகிறது. ஆகவே வெட்டு டி-8 அல்லது டி-9 மட்டத்தில் இருக்க வேண்டும். அட்டவணையின் கடைசி வரிசையில் "1–2 துண்டம் கீழேயிருந்து" என்ற சின்னக் குறிப்பு இருப்பது இதற்காகத்தான்.

அதோடு நில்லாமல் இடப்பக்கத்தில் டி-8 மட்டத்தில் தேடினால், பட்டை போல ஒரு சிறிய பகுதியில் தொடுவுணர்வு, வலி, சூடு எதுவுமே தெரியாமல் இருக்கக் காணலாம். அந்த மட்டத்தில் உள்ளே நுழையும் நரம்பையே கத்தி சேதப்படுத்திவிட்டதால் வந்தது அது. அந்தப் பட்டை கிடைத்தால் உயரம் உறுதியாகிறது.

இன்னுமொரு திருத்தம் பாக்கி இருக்கிறது. தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் போவதில்லை; பெரியவர்களுக்கு இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாவது எலும்பு மட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதனால் தண்டுவடத்தின் டி-8 துண்டம் இருப்பது ஏறக்குறைய ஆறாவது மார்பு முள்ளெலும்புக்கு நேரே. ஸ்கேன் படத்தில் எட்டாவது எலும்பைப் பார்த்து "இங்கே ஒன்றுமில்லையே" என்று சொல்லிவிடக் கூடாது.

இதே இடது கால் செயலிழப்பு மூளையால் வந்திருந்தால்? மூளையின் வலப்பாதியில் ரத்தக்குழாய் அடைத்திருக்கும். அட்டவணையின் கடைசிப் பத்தியை மேலிருந்து கீழே படித்தால் மூன்று கட்டங்களிலும் ஒரே பதில்: எதிர்ப்பக்கம். அசைவு, அதிர்வு, வலி எது குறைந்தாலும் இடப்பக்கத்தில்தான் குறையும். ஒரு பக்கம் அசைவும் மறுபக்கம் வலியும் என்று குறைகள் இரண்டு கால்களுக்கும் பிரிந்து கிடந்தால், தண்டுவடத்தைத்தான் தேட வேண்டும். ஊசி ஒன்றும் இசைக்கவை ஒன்றும் இருந்தால், எந்த ஸ்கேனும் எடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடலாம்.

பக்கம் மாறும் இடத்திலேயே சேதம்

பக்கம் மாறுவதற்கு முன்னும் பின்னும் பார்த்தாயிற்று. பக்கம் மாறும் இடமே சிதைந்தால் என்ன ஆகும்? அப்படி ஒரு நோயும் உண்டு: சிரிங்கோமைலியா. தண்டுவடத்தின் நடுவே திரவம் நிறைந்த பை ஒன்று உருவாகி மெல்ல மெல்லப் பெரிதாகும். கழுத்துப் பகுதியில்தான் இது அதிகம் வருகிறது. நடுக்குழலுக்கு முன்னால் குறுக்கே கடந்துபோகும் வலி இழைகளைத்தான் அது முதலில் நசுக்கும்.

இடமிருந்து வலம் போகும் இழைகளும் வலமிருந்து இடம் போகும் இழைகளும் அந்த ஒரே சந்திப்பில்தான் கடக்கின்றன. ஆகவே இரண்டு பக்கமும் வலியும் சூடும் போய்விடும். ஆனால் அந்த உயரத்தில் கடக்கும் இழைகள் மட்டும்தான் சிக்குகின்றன. கால்களிலிருந்து வரும் செய்தி கீழேயே பக்கம் மாறி, தண்டுவடத்தின் ஓரமாக ஏறிக்கொண்டிருப்பதால் தொடக்கத்தில் தப்பிவிடுகிறது. அதனால் தோளில் துண்டைப் போர்த்தியது போலத் தோள்களிலும் இரு கைகளிலும் மட்டும் உணர்ச்சி குறைகிறது. பின்தூண் பின்னால் பத்திரமாக இருப்பதால் தொட்டால் தெரியும், அதிர்வும் தெரியும்; சுட்டால் மட்டும் தெரியாது. கொதிக்கும் பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்கி வைத்துவிட்டு, கொப்புளம் வந்த பிறகே கவனிப்பவர்கள் உண்டு.

நம் நாட்டில் இத்தகைய வலியற்ற தீக்காயத்தைப் பார்த்ததும் தொழுநோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அதில் தோலில் திட்டுத் திட்டாக உணர்ச்சி போகும். நரம்புகள் தடித்துக் கைக்கே தட்டுப்படும். சிரிங்கோமைலியாவில் அப்படி இராது. அட்டவணையின் நடுப்பத்தியைப் புரிந்துகொண்டவர், "இரண்டு கையிலும் வலி போயிருக்கிறது, தொடுவுணர்வு இருக்கிறது" என்று கேட்டதுமே எங்கே தேட வேண்டும் என்று அறிந்துவிடுவார்.

அட்டவணையால் சொல்ல முடியாதவை

கட்டம் போட்டு எழுதியதால் எல்லாம் அடங்கிவிட்டதாக நினைப்பதும் ஆபத்து. கத்தி பாதியை அளந்து வெட்டுவதில்லை. நோயாளிகளிடம் பாடப்புத்தகத்து வடிவம் முழுமையாகக் கிடைப்பது அபூர்வம். ஒரு கால் மற்றதைவிட அதிகம் பலவீனமாகவும், வலியுணர்வு மறுகாலில் அதிகம் குறைந்தும் இருப்பதுதான் வழக்கம். அதை வைத்தும் பக்கத்தைச் சொல்லலாம், ஆனால் "முழுமையாகப் போகும்" என்று எதிர்பார்த்து ஏமாறக் கூடாது.

காலமும் விளைவை மாற்றும். அசைவுப் பாதை அறுந்தால் தசை விறைக்கும், முழங்காலில் தட்டினால் கால் வேகமாக உதறும் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான்; ஆனால் முதல் நாளிலேயே அப்படி இருக்காது. தண்டுவடத்தில் திடீரென்று பலத்த அடி விழுந்தால், காயத்துக்குக் கீழே எல்லாம் தளர்ந்து, அனிச்சைச் செயல்களும் மறைந்துவிடும். இதைத் தண்டுவட அதிர்ச்சி நிலை என்கிறார்கள். நாட்களோ வாரங்களோ கழிந்த பிறகே விறைப்பு தலைகாட்டும். விளைவு என்று எழுதும் கட்டத்தில் "முதலில் தளர்வு, பிறகு விறைப்பு" என்று இரண்டையும் எழுதி வைத்தவர், அவசரப் பிரிவில் தளர்ந்த காலைப் பார்த்துக் குழம்ப மாட்டார்.

பஞ்சால் தொட்டுப் பார்க்கும் சாதாரணத் தொடுவுணர்வை நம்பிப் பக்கம் சொல்வதும் சரிவராது. நுண்ணிய தொடுகை பின்தூண் வழியாகவும், பொதுவான தொடுகை வலிப் பாதையை ஒட்டியும் போவதால், ஒன்று அறுந்தாலும் மற்றது கொஞ்சம் ஈடுகட்டிவிடும். கத்திக்குத்து நோயாளி வலது காலில் "ஏதோ படுகிறது" என்று சொன்னது அதனால்தான். அதிர்வும் ஊசியும் போலத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் சோதனை அது அல்ல.

சிறுமூளைக்குப் போகும் ஸ்பைனோசெரிபெல்லார் பாதைகளை அட்டவணையில் சேர்க்காததற்கும் காரணம் உண்டு. அவற்றின் பெரும்பங்கு பக்கம் மாறுவதே இல்லை. மாறுகிற ஒன்றும் மேலே போய் மறுபடி கடந்து பழைய பக்கத்துக்கே வந்துவிடுகிறது. ஆகவே சேதமானால் அதே பக்கம் தடுமாற்றம் வரும் என்று ஒரு வரி எழுதலாம். ஆனால் கத்திக்குத்தில் அந்தக் கால் ஏற்கெனவே அசையவில்லை. அசையாத காலில் தடுமாற்றத்தை எப்படிச் சோதிப்பது? எழுத முடிந்தாலும் படுக்கையருகே பயன்படாத வரி அது. முதல் மூன்றும் கைவந்த பிறகு, அட்டவணையின் அடியில் குறிப்பாகச் சேர்த்துக்கொண்டால் போதும்.

அறுவை சிகிச்சை அறையில் அதே நடுப்பத்தி

இந்த அட்டவணையின் ஒரு கட்டத்தை மட்டும் நம்பி வளர்ந்த சிகிச்சை ஒன்று இருக்கிறது. பிலடெல்பியாவில் நரம்பியல் மருத்துவர் வில்லியம் ஸ்பில்லர், தண்டுவடத்தின் முன்பக்க ஓரங்களில் காசநோய்க் கட்டிகள் வந்து, வலியும் சூடும் உணர முடியாமல் போன ஒரு நோயாளியைப் பார்த்திருந்தார். அந்த இடத்தில் வலிப் பாதை மட்டும் போகிறது என்றால், தாங்க முடியாத வலியில் தவிப்பவருக்கு அதை வேண்டுமென்றே வெட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. அவர் சொன்னபடி அறுவை சிகிச்சை நிபுணர் எட்வர்ட் மார்ட்டின் அதைச் செய்தார். இருவரும் 1912-இல் அதை வெளியிட்டார்கள். கார்டாட்டமி என்று அதற்குப் பெயர்.

இன்றும், வேறு எந்த மருந்துக்கும் அடங்காத புற்றுநோய் வலி உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் சிலருக்கு இதைச் செய்கிறார்கள். இப்போது முதுகைத் திறப்பதில்லை. நோயாளி விழித்திருக்கும்போதே, ஸ்கேன் உதவியோடு, கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே ஊசி ஒன்றைச் செலுத்துகிறார்கள். முதலில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து "எங்கே சூடா, குளிர்ச்சியா தெரியுது?" என்று கேட்கிறார்கள். வலிக்கும் பக்கத்தில் தெரிகிறது என்று நோயாளி சொன்னால் இடம் சரி. கை இழுத்துக்கொண்டால் ஊசி அசைவுப் பாதைக்கு அருகே போய்விட்டது என்று பொருள். அதை நகர்த்தியாக வேண்டும். இடம் உறுதியான பிறகே அந்த இழைகளைச் சூட்டால் செயலிழக்கச் செய்கிறார்கள்.

வலி இடது மார்பில் இருந்தால், அந்த ஊசி கழுத்தின் வலப்பக்கத்தில்தான் நுழைகிறது.